அஸ்தி கரைக்க நான்கு நாள் காத்திருக்கலாமா?

"அப்பாவை நேற்று கோவையில் மின்மயானத்தில் தகனம் செய்தோம். தம்பி வெளிநாட்டிலிருந்து வர நான்கு நாள் ஆகும். அதுவரை அஸ்தியை வைத்திருக்கலாமா? பவானி கூடுதுறைக்குப் போகும்போது மகளான நானும் போகலாமா?"

தாராளமாகக் காத்திருக்கலாம். விறகில் எரித்தால் மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளித்து எலும்பு பொறுக்குவது வழக்கம். மின்மயானத்தில் சாம்பலை அன்றே கொடுத்துவிடுவதால்தான் உடனே கரைக்க வேண்டுமோ என்ற பதற்றம் வருகிறது. பத்தாம் நாள் காரியத்துக்கு முன் கரைத்தால் போதும் என்பதே பெரும்பாலான குடும்பங்களின் கணக்கு. உங்கள் தம்பி ஐந்தாம் நாள் வந்தாலும் நேரம் இருக்கிறது.

அதுவரை கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் வழக்கம் இல்லை. சில நாள் மயானத்திலேயே வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். முடியாது என்றால் வாயைத் துணியால் கட்டி, வீட்டுக்கு வெளியே மழை படாத இடத்தில் உயரமாக வையுங்கள். மயானத்தில் கொடுத்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். இறப்பைப் பதிவு செய்ய அது வேண்டும். 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள்.

நீங்கள் போகலாம். கொள்ளி வைத்தவர் கரைப்பது வழக்கம். கூடப் பங்காளிகள் இரண்டு மூன்று பேர் போவார்கள். மகள்கள் வருவதும், தாங்களே கரைப்பதும் இன்று பல குடும்பங்களில் நடக்கிறது. குடும்பப் பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கரையில் நின்றுகொண்டு அந்தப் பேச்சு வேண்டாம்.

கூடுதுறையில் சங்கமேஸ்வரர் கோயிலை ஒட்டிய படித்துறையில்தான் காரியங்கள் நடக்கும். காலையிலேயே போய்விடுங்கள். அமாவாசை நாளில், அதுவும் ஆடி அமாவாசையில், நிற்கவே இடம் இருக்காது. புரோகிதரிடம் என்னென்ன செய்வார், எவ்வளவு என்று முதலிலேயே பேசி முடியுங்கள். அப்பா, தாத்தா, முப்பாட்டன் பெயர்களும் கோத்திரமும் கேட்பார். தெரிந்தவரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். துக்கத்தில் பெயர் நினைவுக்கு வராமல் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சங்கல்பம் முடிந்ததும் பால், பூ, மஞ்சள் சேர்த்துக் கொடுப்பார்கள். முழங்கால் அளவு தண்ணீர் போதும். மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் காவிரியில் இழுப்பு அதிகம். படியை விட்டு இறங்காதீர்கள். கோடையில் தண்ணீர் குறைவாக இருந்தால், தேங்கி நிற்கும் இடத்தை விட்டு ஓட்டமுள்ள இடமாகப் பாருங்கள். நிறையப் பேர் இங்கேதான் தவறு செய்கிறார்கள்: நின்றவாக்கில் கலயத்தைக் கவிழ்ப்பார்கள், காற்றில் சாம்பல் முகத்திலும் துணியிலும் வந்து விழும். குனிந்து, கலயத்தின் வாயைத் தண்ணீரோடு சேர்த்து, ஓடும் திசையில் மெல்லச் சரியுங்கள். சாம்பல் கலைந்து போகும், எலும்புத் துண்டுகள் அடியில் இறங்கும். சில குடும்பங்களில் ஆற்றுக்கு முதுகு காட்டி நின்று, தோளுக்குப் பின்னால் கலயத்தை விடுவார்கள். உங்கள் வீட்டு வழக்கம் அதுவானால், ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். கட்டிய துணியையும் பிளாஸ்டிக் பையையும் ஆற்றில் விடாமல் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அப்புறம் அங்கேயே தலை முழுகி, வேறு துணி உடுத்தி, திரும்பிப் பார்க்காமல் கிளம்புவது வழக்கம். தம்பிக்கு மாற்றுத்துணியை நீங்களே எடுத்துப்போய்விடுங்கள். விமானத்திலிருந்து இறங்கி வருகிறவருக்கு அது நினைவில் இருக்காது.