வர்க்கோத்தமம், புஷ்கர நவாம்சம் என்ற பட்டங்களை வைத்துக் கணவரைக் கணிக்க முடியுமா?

கேள்வி: மகளின் ஜாதகத்தில் சுக்கிரன் வர்க்கோத்தமம். ஏழாம் அதிபதி புஷ்கர நவாம்சத்தில் இருக்கிறார். மாப்பிள்ளை தங்கமாக அமைவார், வேறு எதுவும் பார்க்க வேண்டாம் என்கிறார் ஜோதிடர். நம்பலாமா?

சுக்கிரன் எந்த ராசியில் வர்க்கோத்தமம் என்று அவர் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தால் நீங்களும் அதை எழுதியிருப்பீர்கள். சிங்கப்பூரில் பெண்ணைப் பெற்றவர்களிடம் இந்த இரண்டு சொற்களும் எப்படி விலைபோகின்றன என்று எனக்குத் தெரியும். என் ஜாதகத்தையே அப்படி விற்றார்கள்.

ஒரு கிரகம் ராசிக் கட்டத்திலும், ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சக் கட்டத்திலும் ஒரே ராசியில் இருந்தால் வர்க்கோத்தமம். சர ராசியில் முதல் நவாம்சம், ஸ்திர ராசியில் ஐந்தாவது, உபய ராசியில் ஒன்பதாவது ஆகியவை மட்டும் இப்படி அமையும். அந்தக் கிரகம் தான் சொல்ல வந்ததை உறுதியாகச் சொல்லும். அது நல்லதையே சொல்லும் என்று பொருளில்லை. சித்திரை 2-ஆம் பாதத்தில் நிற்கும் சுக்கிரனும் வர்க்கோத்தமம்தான், ஆனால் கன்னியில் இரண்டு கட்டத்திலும் நீசம். ரேவதி 4-ஆம் பாதத்துச் சுக்கிரனும் வர்க்கோத்தமம், அவர் மீனத்தில் இரண்டு கட்டத்திலும் உச்சம். இரண்டுக்கும் ஒரே பெயர்! ‘வர்க்கோத்தமச் சுக்கிரன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகிறவரிடம் தட்சிணையைத் திருப்பிக் கேட்கலாம்.

புஷ்கர நவாம்சத்தைச் சரிபார்க்கக் கணினியே வேண்டாம். கிரகம் நிற்கும் நட்சத்திரப் பாதம் தெரிந்தால் போதும். மொத்தம் 108 பாதங்களில் 24 மட்டுமே புஷ்கரம், அதாவது கிரகத்தைத் தேற்றும் பாதங்கள். கார்த்திகை, உத்திரம், உத்திராடத்தில் 1, 4. ரோகிணி, அஸ்தம், திருவோணத்தில் 2. திருவாதிரை, சுவாதி, சதயத்தில் 4. புனர்பூசம், விசாகம், பூரட்டாதியில் 2, 4. பூசம், அனுஷம், உத்திரட்டாதியில் 2. பரணி, பூரம், பூராடத்தில் 3. அசுவினி, மகம், மூலம், மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம், ஆயில்யம், கேட்டை, ரேவதி ஆகிய ஒன்பதிலும் ஒரு பாதம்கூட இல்லை. இரண்டு தகுதியும் சேர்வது ரோகிணி 2, புனர்பூசம் 4, உத்திராடம் 1 ஆகிய மூன்றில்தான். உங்கள் மகளின் சுக்கிரன் ரோகிணி 2-இல் இருந்தால், சொந்த வீட்டில், வர்க்கோத்தமமாக, புஷ்கரத்தில் இருக்கிறார் என்று நானே வாழ்த்துவேன். மற்ற எந்த வர்க்கோத்தமப் பாதத்திலும் ‘ரெண்டும் இருக்கு’ என்று ஒருவர் சொன்னால் அவர் பார்க்காமல் சொல்கிறார்.

இனி என் கதை. நான் 1980-இன் தொடக்கத்தில் சிங்கப்பூரில் பிறந்தவள், இரவு பத்து மணிக்குச் சற்று முன். கன்னி லக்னம். ஏழாம் இடமான மீனத்தில் சுக்கிரன், உத்திரட்டாதி 2-ஆம் பாதம். ராசியில் உச்சம். அந்தப் பாதத்தின் நவாம்சம் கன்னி, ஆகவே அம்சத்தில் நீசம். அதே பாதம் புஷ்கரமும்கூட. ஏழாம் அதிபதி குரு, பன்னிரண்டாம் இடமான சிம்மத்தில், பூரம் 1-ஆம் பாதத்தில், வர்க்கோத்தமம். செவ்வாயும் ராகுவும் அவருக்குத் துணை. (‘காரகன் தன் பாவத்தில் இருந்தால் பாவத்தைக் கெடுப்பான்’ என்று யாராவது கீழே எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சூத்திரம் எனக்கும் தெரியும். என் குடும்பம் இன்னும் கெடவில்லை.)

வரன் பார்க்கத் தொடங்கியபோது, சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் தங்கியிருந்த ஒரு ஜோதிடரிடம் அம்மா என்னை அழைத்துப் போனார். ஊரிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர். மடிக்கணினியில் பிறந்த நேரத்தையும் ஊரையும் தட்டினார். லக்னம் கன்னி 8 பாகை என்று வந்தது. உத்திரம் 4, நவாம்ச லக்னம் மீனம். ‘லக்னமே புஷ்கரம் அம்மா’ என்று பூரித்துப் போனார். அடுத்த நிமிடம் முகம் மாறியது. நவாம்சத்தில் மீனத்துக்கு ஏழாம் இடம் கன்னி. அங்கே நீசச் சுக்கிரன், கூடவே செவ்வாய். ‘வருகிறவன் ஒழுக்கம் தவறுவான். புஷ்கரம் இருப்பதால் பரிகாரம் எடுபடும்’ என்றார். பரிகாரத்துக்குத் தொகையும் சொன்னார். அம்மா அந்த வாரமே நல்ல வரன் ஒன்றைத் தட்டிக் கழித்தார்.

துறைமுகத்தில் கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தாய்மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. கட்டத்தை வாங்கிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, ‘இதில் நேர வித்தியாசம் எவ்வளவு போட்டிருக்கிறது?’ என்பது. எட்டு மணி நேரம் என்று அச்சிட்டிருந்தது. சிங்கப்பூர் எட்டு மணி நேரத்துக்கு மாறியது 1982 ஜனவரி 1-இல்தான். 1981 டிசம்பர் 31 இரவு கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்ததை மாமா நினைவில் வைத்திருந்தார். அதற்கு முன்பு கிரீன்விச்சிலிருந்து ஏழரை மணி நேரம். என் பிறந்த நேரத்தை எட்டு மணி நேரக் கணக்கில் போட்டதால் நான் உண்மையில் பிறந்ததற்கு அரை மணி முன்பே பிறந்தவளாகிவிட்டேன்.

அரை மணிக்கு என்ன ஆகும்? கிரகங்களுக்கு ஒன்றும் ஆகாது. அவ்வளவு நேரத்தில் சுக்கிரன் ஒன்றிரண்டு கலைதான் நகரும், சந்திரன் கால் பாகை. ஆகவே சுக்கிரனின் புஷ்கரமும் குருவின் வர்க்கோத்தமமும் அப்படியே நின்றன. லக்னம் அப்படியல்ல. அது நாலு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை போகும். ஒரு நவாம்சம் 3 பாகை 20 கலை, அதாவது பதின்மூன்று நிமிடத்தில் கைமாறிவிடும். அரை மணியில் ஏழரை பாகை. மாமா திருத்திப் போட்ட கட்டத்தில் லக்னம் கன்னி பதினைந்தரை பாகை, அஸ்தம் 2, நவாம்ச லக்னம் ரிஷபம். வேடிக்கையைப் பாருங்கள், அதுவும் புஷ்கரம்தான். பட்டம் மாறவில்லை, கட்டம் முழுவதும் மாறிவிட்டது. இப்போது ஏழாம் இடம் விருச்சிகம், அதன் அதிபதி செவ்வாய். அவரும் லக்னாதிபதி சுக்கிரனும் சேர்ந்து ஐந்தாம் இடத்தில். ஒழுக்கம் தவறுகிறவன் எங்கே போனான்?

நீசம் போய்விட்டதா என்றால் இல்லை. சுக்கிரன் அம்சத்தில் கன்னியில்தான் இருக்கிறார். புஷ்கரம் அதற்கு என்ன செய்கிறது என்பதில் மாமா சொன்னதை இன்றும் ஏற்கிறேன். இருபத்து நான்கு பாதங்களின் நவாம்சமும் ரிஷபம், கடகம், கன்னி, துலாம், தனுசு, மீனம் ஆகிய ஆறில்தான் விழுகிறது; எல்லாம் சுபர்களின் வீடுகள். கிரகம் அங்கே பலவீனமாக நின்றாலும் பட்டினி கிடப்பதில்லை, மெல்லத் தேறுகிறது. நீசத்தை அது உச்சமாக்காது. என் மணவாழ்க்கையின் முதல் வருடங்கள் கன்னிச் சுக்கிரனுக்கு உரியவை: கணக்குப் பார்ப்பது, குறை சொல்வது, சாம்பாரில் உப்பு ஏன் குறைந்தது என்று ஆராய்வது. இரண்டு பேருமே அப்படி. பிறகு படிப்படியாகச் சரியானது. இதைப் புஷ்கரத்தின் வேலை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வயது ஏறியதன் வேலை என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் சண்டைக்கு வரமாட்டேன்.

வர்க்கோத்தம குருவின் பலனோ சந்தேகத்துக்கு இடமில்லாமல் நடந்தது. அவர் ஏழாம் அதிபதி, நிற்பது பன்னிரண்டில். வர்க்கோத்தமம் அவரை அந்த இடத்திலிருந்து எழுப்பி வேறிடத்தில் உட்கார வைக்காது. பன்னிரண்டாம் இடத்தின் காரியத்தை அழுத்தமாகச் செய்ய வைக்கும். என் கணவர் கப்பல் பொறியாளர். மாதக்கணக்கில் கடலில் இருப்பார். நல்ல மனிதர், வீட்டில்தான் இல்லை. அந்த முதல் ஜோதிடர் ‘குரு வர்க்கோத்தமம், கணவர் கௌரவமானவர்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போனார். வருடத்தில் பாதி நாள் தனியாகத்தான் இருப்பாய் என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால், குறைந்தபட்சம் மனத்தைத் தயார் செய்துகொண்டிருப்பேன்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வந்த வரன்களில் பலருடைய வீட்டார் என் நட்சத்திரத்தைக் கேட்பதற்கு முன்பே, பெண்ணைக் கட்டினால் பையனுக்கு நிரந்தரவாசத் தகுதி கிடைக்குமா, வீவக என்ற அரசு அடுக்குமாடி வீடு யார் பேரில், எத்தனை அறை என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் என் பெயரையே தவறாகச் சொன்னார்கள், வீட்டின் அறைக் கணக்கை மட்டும் சரியாகச் சொன்னார்கள். இதற்கு எந்த நவாம்சத்தைப் பார்ப்பது? சரி, கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் மகள் 1982-க்குப் பிறகு பிறந்திருப்பாள் என்று நினைக்கிறேன், ஆகவே அரை மணிச் சிக்கல் அவளுக்கு இல்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்திய நேரத்தில் கணித்துவிடும் கூத்தை நான் இப்போதும் பார்க்கிறேன். அது இரண்டரை மணி நேரத் தவறு, லக்னமே வேறாகும். ஜாதகத்தின் மேல்பக்கத்தில் ஊர் சிங்கப்பூர் என்றும் நேர வித்தியாசம் 8 என்றும் இருக்கிறதா பாருங்கள். லக்னம் தவறினால் ஏழாம் அதிபதியே வேறு கிரகமாகிவிடும், பிறகு அவர் புஷ்கரத்தில் இருந்து யாருக்கு லாபம்?

அடுத்து, சுக்கிரனுக்கும் ஏழாம் அதிபதிக்கும் பாகை, கலை, பாதம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். பாத எல்லைக்குப் பக்கத்தில், அரை பாகைக்குள் இருந்தால், திருக்கணிதத்தில் ஒரு பாதமும் வாக்கியத்தில் இன்னொரு பாதமும் வரக்கூடும். அப்படிப்பட்ட புஷ்கரத்தை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். உறுதியாக இருந்தால், ஏழாம் அதிபதி எந்த வீட்டில் நிற்கிறார் என்று கேளுங்கள். ஆறிலோ எட்டிலோ பன்னிரண்டிலோ என்றால், புஷ்கரத்தைச் சொன்ன அதே வாயால் அந்த வீட்டையும் விளக்கச் சொல்லுங்கள். கடைசியாக, மகளுக்குத் திருமண வயதில் எந்தத் திசை நடக்கிறது என்பதையும் கேளுங்கள். சுக்கிர திசையோ புத்தியோ பக்கத்தில் இல்லாதபோது, அவர் எவ்வளவு நல்ல பாதத்தில் இருந்தாலும் பலன் கைக்கு வரத் தாமதமாகும்.

வரன் ஜாதகத்தை அவசியம் பாருங்கள். உங்கள் மகளின் கட்டத்தில் இருப்பது அவளுடைய சுக்கிரன், அவருடையது அல்ல.