தோழி முன்னால் உளறினால் என்ன?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 27. பி.காம். முடித்துவிட்டு ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் கட்டுப்படியாகவில்லை. கோயம்புத்தூரில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு முயற்சி செய்கிறேன். எழுத்துத் தேர்வில் தேறிவிடுகிறேன். இன்டர்வியூவில்தான் எல்லாம் போய்விடுகிறது.

கடைசியாகப் போன இடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருந்தார். மற்ற இருவர் முகத்தில் ஒரு சிரிப்பு கூட இல்லை. வந்த பெண்ணிடம் இப்படித்தான் நடந்துகொள்வதா? கேட்டதும் நான் தினமும் செய்கிற வேலையைத்தான்: "சப்ளையர் பில் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" வாங்கிய பில்களுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யில் எவ்வளவு வரிக் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் மாதப் பட்டியல்தான் 2பி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

நான் தயார் செய்யாமல் போகவில்லை. என்னைப் பற்றிய அறிமுகத்தை ஆங்கிலத்தில் எழுதி வரிக்கு வரி மனப்பாடம் செய்திருக்கிறேன். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் பேசிப் பார்க்கிறேன். மூச்சை நன்றாக இழுத்து விடு என்கிறார்கள், செய்தால் தலை சுற்றி விரல் நுனி மரத்துப்போகிறது. கூடப் படித்த தோழி ஒருத்தி கேள்வி கேட்டுப் பழக்கிவிடுகிறேன் என்றாள். வகுப்பில் நான்தான் கெட்டிக்காரி என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவள் முன்னால் உளறிவிட்டு எப்படி முகத்தில் விழிப்பது என்று வேண்டாம் என்றுவிட்டேன், அது வேறு விஷயம்.

என்னைவிடக் குறைந்த மார்க் வாங்கிய சித்தப்பா மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. "இதுக்கா படிக்க வச்சோம்" என்கிறார் அப்பா. அந்த மூன்று பேரும் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசியிருந்தால் நான் நன்றாகச் சொல்லியிருப்பேன். பயம் போக ஒரு வழி சொல்லுங்கள்.

– பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள தோழிக்கு,

அப்பாவையும் சித்தப்பா மகனையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். போகிற போக்கில் தோழியைப் பற்றி ஒரு வரி எழுதி, அது வேறு விஷயம் என்று தள்ளிவிட்டீர்கள். எனக்கு அதுதான் விஷயமாகப் படுகிறது.

உங்கள் தயாரிப்பைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். எழுதினீர்கள், மனப்பாடம் செய்தீர்கள், கதவைச் சாத்தினீர்கள், கண்ணாடியைப் பார்த்தீர்கள். இதில் எங்கேயாவது இன்னொரு மனிதர் இருக்கிறாரா? ஒருவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பேசுவதுதான் உங்களுக்குக் கஷ்டம். அதை மட்டும் பழகவில்லை. தோழி முன் உளறக்கூடாது என்று கதவைச் சாத்தியதால், முதன்முதலாக உளறிய இடம் இன்டர்வியூ அறையாகிப்போனது. பாடம் தெரியாமல் நீங்கள் தடுமாறவில்லை. கெட்டிக்காரி என்ற பெயர் போய்விடுமோ என்ற பயம் பேச்சை அடைத்திருக்கிறது.

அந்த மூன்று பேர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். லேப்டாப்பில் தட்டியவர் அநேகமாக உங்கள் பதிலைக் குறிப்பெடுத்திருப்பார். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதற்காக, பதிலுக்குத் தலையாட்டவோ சிரிக்கவோ கூடாது என்று இருப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த முகங்கள் உங்களைக் கலக்கியதில் ஆச்சரியம் இல்லை. ஜெர்மனியில் ட்ரையர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மனிதருக்கு மன அழுத்தம் வந்தால் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க, ஆய்வுக்கூடத்திலேயே அழுத்தத்தை வரவழைக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் அமைத்தது ஒரு போலி இன்டர்வியூ. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத குழுவின் முன் ஐந்து நிமிடம் "இந்த வேலைக்கு நான் ஏன் பொருத்தம்" என்று பேச வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துச் சொல்ல வேண்டும், தப்பினால் முதலிலிருந்து. பெரும்பாலோருக்குக் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறிவிடும். அன்று உங்களுக்கு நடந்ததும் அதுதான், இதில் உங்களிடம் மட்டும் என்ன குறை?

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பிறகு செய்த ஆய்வு. அதே ஆட்களை அடுத்தடுத்த நாட்களில் திரும்பத் திரும்ப அதே சோதனைக்கு உட்கார வைத்தபோது, பெரும்பாலோருக்கு இரண்டாம் நாளே கார்டிசால் நன்றாகக் குறைந்துவிட்டது. சிலருக்கு மட்டும் குறையவில்லை. குறைந்தவர்களுக்கு யாரும் தைரியம் சொல்லவில்லை, அந்தச் சூழ்நிலை பழகிப்போனது, அவ்வளவுதான். கண்ணாடி முன் நின்றால் இது நடக்காது. கண்ணாடி உங்கள் கவனத்தை உங்கள் முகத்தின் மேலேயே வைக்கிறது. முகம் சிவக்கிறதா, குரல் நடுங்குகிறதா என்று உங்களை நீங்களே வேவு பார்க்கும் பழக்கம்தான் அதில் வளரும். அறைக்குள்ளும் அதையே செய்வீர்கள், கேள்வி பாதிதான் காதில் விழும்.

அதனால் தோழியைக் கூப்பிடுங்கள். "ஹெல்ப் பண்ணு" என்று மட்டும் சொன்னால் போதாது. பிரியமுள்ளவர்கள் பயிற்சியைக் கெடுத்துவிடுவார்கள். தலையாட்டுவார்கள், தடுமாறினால் வார்த்தை எடுத்துக் கொடுப்பார்கள், "சூப்பர்டி" என்பார்கள். மேசைக்கு அந்தப்பக்கம் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வருவதிலிருந்து தொடங்கட்டும். பத்து நிமிடம் அவள் சிரிக்கக்கூடாது, தலையாட்டக்கூடாது, நடுவில் குனிந்து எழுத வேண்டும். நீங்கள் நிறுத்தினாலும் அவள் பேசாமல் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு விடை தெரியாத கேள்வி ஒன்றாவது கட்டாயம் இருக்கட்டும். "அது எனக்குத் தெரியாது, ஆனால் இப்படிக் கண்டுபிடிப்பேன்" என்று சொல்வதற்கும் பழக்கம் வேண்டும். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் இதையே செய்யுங்கள். முதல் நாள் மோசமாகத்தான் போகும், அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒவ்வொரு முறை முடிந்ததும் இருவரும் தனித்தனிச் சீட்டில் ஒரு எண் எழுதுங்கள்: என் பதற்றம் வெளியே எவ்வளவு தெரிந்தது, பத்துக்கு எத்தனை? அப்புறம் சீட்டை மாற்றிப் பாருங்கள். நீங்கள் எட்டு என்று எழுதிய இடத்தில் அவள் நான்கோ ஐந்தோ எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே இதயம் அடித்துக்கொள்வது நமக்குத் தெரிகிற அளவு எதிரே இருப்பவருக்குத் தெரிவதில்லை. பேசப் போகிறவர்களுக்கு இந்த உண்மையை முன்கூட்டியே சொன்னால் அவர்கள் இன்னும் நன்றாகப் பேசுகிறார்கள் என்றும் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நான் இங்கே சொல்லிவிட்டேன், ஆனால் தோழியின் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

மனப்பாடத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டு வருவதால், நடுவில் ஒரு வார்த்தை நழுவினால் மீதி எல்லாம் கூடவே போய்விடும். அதற்குப் பதில், வேலையில் நீங்கள் கையாண்ட நான்கைந்து விவகாரங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அட்டையில் மூன்றே குறிப்பு எழுதுங்கள்: என்ன பிரச்சினை, நான் என்ன செய்தேன், எப்படி முடிந்தது. அந்த 2பி கேள்வியையே எடுத்துக்கொள்வோம். சப்ளையர் தன்னுடைய விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் பில்லை ஏற்றவில்லை. அதனால் அந்த மாதம் வரிக் கிரெடிட் எடுக்காமல் நிறுத்தி வைத்தேன், போன் செய்து ஏற்றச் சொன்னேன். அடுத்த மாத 2பி-யில் வந்ததும் எடுத்தேன். முதலில் இதைத் தமிழில் தோழிக்குச் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில். ஒவ்வொரு முறையும் வாக்கியம் மாறட்டும், அதுதான் நல்லது. நடந்ததைச் சொல்பவருக்கு வார்த்தை தவறினாலும் விஷயம் தவறாது.

மூச்சு விஷயத்தில் உங்களுக்குச் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைகிறது. தலை சுற்றுவதும் விரல் மரத்துப்போவதும் அதனால்தான். உடனே நமக்கு ஏதோ ஆகிறது என்று பயம் இன்னும் ஏறும். மூச்சை வெளியே விடும்போதுதான் இதயத் துடிப்பு மெல்ல இறங்குகிறது. ஆகவே விடுவதை நீட்ட வேண்டும். மூக்கு வழியாக நான்கு எண்ணி சாதாரணமாக இழுங்கள், நெஞ்சை நிரப்ப வேண்டாம். ஆறு எண்ணி விடுங்கள். எண்ணிக்கை ஒரு விநாடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் மூன்றுக்கு ஐந்து என்று குறைத்துக்கொள்ளுங்கள். பதற்றம் வந்த பிறகு தொடங்கினால் பிடிபடாது. இன்று முதல் தினமும் ஐந்து நிமிடம், பஸ்ஸிலோ படுக்கப் போகும்போதோ, மனசு அமைதியாக இருக்கிற நேரத்தில் செய்யுங்கள்.

இன்டர்வியூ அன்று இருபது நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தால் போதும். வரவேற்பறையில் அட்டைகளைப் புரட்ட வேண்டாம், இந்த மூச்சை மட்டும் செய்யுங்கள். இதயம் அடித்துக்கொள்ளத்தான் செய்யும், அதை நிறுத்தப் பார்க்காதீர்கள். அடித்துக்கொண்டே பேசலாம் என்பதைத்தான் தோழியின் மேசையில் பழகியிருப்பீர்கள். உள்ளே நடுவில் எல்லாம் மறந்துபோனால் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, மூச்சை ஒருமுறை முழுதாக விட்டு, கேட்டவர் முகத்தைப் பார்த்து, "கேள்வியை ஒருமுறை திரும்பச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கேள்வி இரண்டாம் தடவை வரும்போது உங்களைக் கவனிப்பதை விட்டுவிட்டுக் கேள்வியைக் கவனியுங்கள். பதிலை "போன மாதம் ஒரு பில் இப்படி வந்தது" என்று நடந்த ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

தோழியிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். "இன்டர்வியூவில் எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது, நீ கேட்டுப் பழக்குறியா?" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவள் கண்ணில் நீங்கள் இறங்கிவிடுவீர்கள் என்பது நீங்களாகக் கட்டிய கணக்கு, அவளைக் கேட்காமலே.

இந்தப் பயம் இன்டர்வியூவோடு நிற்காமல், தெரியாத எண்ணுக்குப் போன் செய்யவோ நாலு பேர் முன் சாப்பிடவோ கூட உங்களைத் தடுக்கிறது என்றால் தோழியின் பயிற்சி மட்டும் போதாது. மூன்று நான்கு முறை பழகியும் பதற்றம் துளியும் இறங்கவில்லை என்றாலும் அப்படியே. ஈரோடு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவை விசாரித்து ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு, பெரும்பாலும் பேச்சு வழியாகவே தருகிறார்கள்.