மாஸ்கிங் இருந்தும் கசியும் அட்டை

“அலுவலக நுழைவுக்கு ஸ்மார்ட் கார்டு வாங்க இருக்கிறோம். மின்சாரத்தை அளந்தே அட்டையின் ரகசியச் சாவியை எடுத்துவிடலாம் என்று கேள்விப்பட்டேன். விற்பவரோ, ‘ஏ.இ.எஸ். 128 பிட், மாஸ்கிங் வேறு இருக்கிறது’ என்கிறார். நம்பலாமா?”

பாதிதான் நம்பலாம். ஏ.இ.எஸ். என்பது குறியாக்க முறை, 128 பிட் அதன் சாவியின் நீளம்; அந்தப் பெருமை இந்தத் தாக்குதலுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அட்டைக்கு மின்சாரம் தருவது ரீடர். ஆகவே ரீடரைக் கையில் வைத்திருப்பவர், அட்டை எந்தக் கணத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்துகொள்ளலாம். சிப் கையாளும் பைட்டில் எத்தனை 1 இருக்கிறது, பழைய மதிப்பின்மேல் புதியதை எழுதும்போது எத்தனை பிட் மாறுகிறது என்பதைப் பொறுத்து அந்த அளவு துளி மாறும். ஒருமுறை அளந்த பதிவில் அது இரைச்சலில் அமிழ்ந்துவிடும். பல நூறு, பல ஆயிரம் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் தலைகாட்டும். குறியாக்க ஆய்வாளர் பால் கோச்சரும் இரு சகாக்களும் 1999-இல் விளக்கிய வழி இதுதான். சாவியைப் பைட் பைட்டாக ஊகித்து, அளந்ததோடு ஒப்பிட்டுப் பிடிப்பார்கள். ஒரு பைட்டுக்கு 256 ஊகங்கள், 128 பிட் சாவியின் 16 பைட்டுக்கும் 4,096. அவ்வளவுதான் வேலை.

மாஸ்கிங் செய்யும் அட்டை, ரகசிய மதிப்போடு ஒவ்வொரு முறையும் புதிய தற்போக்கு எண் ஒன்றைக் கலந்துவிட்டுத்தான் கணக்குப் போடும். மதிப்பு 1011, கலக்கும் எண் 0110 என்றால், பிட்டுகள் ஒன்றாக இருக்கும் இடத்தில் 0, மாறும் இடத்தில் 1 என்று 1101 கிடைக்கும். சிப் கணக்கில் எடுப்பது 1011-ஐ அல்ல, இந்த 1101-ஐ. அடுத்த முறை எண் மாறிவிடுவதால், அளப்பவரின் ஊகம் எதனோடும் ஒத்துப்போகாது.

விற்பவர்கள் சொல்லாத இடம் ஒன்று உண்டு. அதே 0110-ஐ 0010 என்ற இன்னொரு மதிப்போடும் கலந்தால் 0100 வரும். சிப் மதிப்புகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம் பதிவகம்; 1101 இருந்த அதே பதிவகத்தில் 0100-ஐ எழுதினால், மின்சாரம் காட்டுவது மாறிய பிட்டுகளை, அதாவது 1001-இல் உள்ள 1-களின் எண்ணிக்கையை. மறைக்காத 1011-க்கும் 0010-க்கும் உள்ள வேறுபாடும் அதே 1001தான்! கலந்த எண் கழிந்துபோய்விட்டது. நிரலை வரி வரியாகப் படித்தாலும் இது எளிதில் கண்ணில் படாது, அளந்தால்தான் தெரியும்.

அளப்பதும் கடினமில்லை. ஒரே உள்ளீட்டைத் திரும்பத் திரும்பக் கொடுத்த பதிவுகளையும், மாறும் உள்ளீடுகளுக்கான பதிவுகளையும் ஒப்பிடுவார்கள். சராசரிகள் தெளிவாகப் பிரிந்தால் கசிவு. தற்போக்கு எண்ணை நிறுத்திவிட்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும். அப்போதும் கசிவு தெரியவில்லை என்றால் பழுது அளக்கும் ஏற்பாட்டில்தான்.

இடைத்தரகர்கள் நீட்டும் சான்றிதழ் பெரும்பாலும் வெறும் சிப்புக்கு உரியது. அதன்மேல் ஓடும் மென்பொருளை வேறு யாரோ எழுதியிருப்பார்கள். டெண்டர் எழுதுகிறவர்களோ “128 பிட் குறியாக்கம்” என்ற ஒற்றை வரியோடு கடமையை முடித்துக்கொள்கிறார்கள். பிறகு யார் கேட்பது? அட்டையின் இயங்குதளப் பெயரும் பதிப்பு எண்ணும் சான்றிதழில் அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எல்லா அட்டைகளிலும் ஒரே சாவியா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் வாங்காதீர்கள்; தொலைந்த ஓர் அட்டையை அளந்தே எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுவார்கள்.