பெயர் மாறிவிட்டது, ஆள் மாறவில்லை

கேள்வி: "நான் முதன்முதலில் வேலை பார்த்த அலுவலகத்தின் தலைமைக் கணக்காளர் பற்றி என் நினைவுக்குறிப்பில் ஒரு அத்தியாயம் வருகிறது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். குடிப்பழக்கத்தை மறைத்து வந்தார், நானும் அதற்குத் துணை போனேன். பெயரை மாற்றித்தான் எழுதினேன். ஆனால் பழைய சக ஊழியர் ஒருவர் இரண்டு பக்கம் படித்ததுமே 'இது அவர்தானே!' என்றார். இன்னும் மாற்றினால் எனக்கே பொய்யாகத் தெரிகிறது. என்ன செய்வது?"

நீங்கள் அனுப்பிய பிரதியைப் படித்தேன். அந்த இரண்டு பக்கங்களில் அவர் இடதுகையால் எழுதுகிறார், பச்சை மை பயன்படுத்துகிறார், இளமையில் கூடைப்பந்து ஆடியவர், வாசலில் குனிந்துதான் நுழைவார், இரட்டைப் பெண் குழந்தைகளின் அப்பா, மூச்சுக்கு மூச்சு "கணக்கு தூங்காது" என்பார். போதாததற்கு, அலுவலகத்துக்குக் கணினி வந்த ஆண்டும் இருக்கிறது. பெயர் மட்டும்தான் இல்லை.

இவற்றில் எதுவும் தனியாக அவரைக் காட்டிக்கொடுக்காது. இடதுகைக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சேரும்போதுதான் ஆள் தெரிகிறார். லட்டான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர் அமெரிக்காவின் 1990 மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, இந்த மூன்றும் சேர்ந்தாலே அந்நாட்டு மக்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று அவர் கணக்கிட்டார். பெயரே தேவைப்படவில்லை. உங்கள் பக்கங்களில் மூன்றல்ல, ஏழு விவரங்கள் இருக்கின்றன. அத்துடன் புத்தக அட்டையில் உங்கள் சொந்தப் பெயர் இருக்கும். நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள் என்பது தெரிந்தவர்களுக்கு "தலைமைக் கணக்காளர்" என்ற ஒரு சொல்லே போதும். அந்தப் பதவியில் ஒரு நேரத்தில் ஒருவர்தானே இருக்க முடியும்?

யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதை அடுத்து முடிவு செய்யுங்கள். முன்பின் தெரியாத வாசகருக்குப் பெயர் மாற்றமே போதும். அவரை அரைகுறையாகத் தெரிந்தவர்களிடமிருந்து, அதாவது மற்றப் பிரிவுகளில் இருந்தவர்கள், அவர் வீட்டுப் பக்கத்தவர்கள், பின்னாளில் அவரோடு வேலை பார்த்தவர்கள் போன்றவர்களிடமிருந்து மறைப்பதுதான் உண்மையான வேலை. அதே அறையில் உங்களோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் மறைக்க முடியாது. ஆண்டு இறுதிக் கணக்கை முடித்த இரவில் அவர் பேரேட்டின் மேல் தலைவைத்துத் தூங்கிப்போனதையும், மீதியை நீங்கள் முடித்ததையும் பார்த்தவர் ஒருவர் இருந்தால், எந்த மாற்றுப்பெயரும் அவரிடம் செல்லாது. அவரைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவருக்குத் தெரியாத எதையாவது இந்த அத்தியாயம் புதிதாகச் சொல்கிறதா? கணக்காளரைக் கண்டுபிடித்த அந்த நண்பருக்குக் குடிப்பழக்கம் முன்பே தெரியுமா, இல்லை உங்கள் எழுத்து மூலம்தான் தெரிந்ததா என்று கேளுங்கள். முன்பே தெரியும் என்றால் சேதம் குறைவு. இல்லையென்றால் கீழே சொல்லும் மாற்றங்கள் கட்டாயம் தேவை.

இனி மாற்றும் வேலை. ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து, இது கதைக்குள் என்ன செய்கிறது என்று கேளுங்கள். எதுவும் செய்யவில்லை என்றால் வெட்டிவிடலாம். இரட்டைக் குழந்தைகள் அப்படித்தான். ஒரே ஒரு வரியில் வந்து போகிறார்கள், "வீட்டில் குழந்தைகள்" என்றாலே போதும். ஆண்டும் அப்படியே. கணினி வந்தது கதைக்கு வேண்டும், ஏனென்றால் அந்தக் குழப்பத்தில்தான் அவருடைய தவறுகள் மறைந்தன. ஆனால் எந்த ஆண்டு என்பது வேண்டாம். பதவியைக் கொஞ்சம் அகலப்படுத்தி, "மூத்த கணக்காளர்களில் ஒருவர்" என்று வையுங்கள். உங்களுக்கு மேலே இருந்தவர் என்பது குறையவில்லை.

கூடைப்பந்து வேறு கதை. அது வேலை செய்கிறது. அந்த உயரத்தால்தான் நீங்கள் எப்போதும் அண்ணாந்து பார்க்கிறீர்கள், அதனால்தான் அவர் தள்ளாடும் காட்சி அவ்வளவு வலிக்கிறது. சும்மா வெட்டினால் அத்தியாயம் இளைத்துவிடும். பலரும் செய்வதுபோல் உயரமானவரைக் குள்ளமாக்குவதும் சரியாக வராது. அப்படித் தலைகீழாக்கியதைத் தெரிந்தவர்கள் எளிதில் திருப்பிப் படித்துவிடுவார்கள், உங்களுக்கும் எழுதும்போது கை கூசும். அதே வேலையைச் செய்யும் வேறொன்று வேண்டும். அறையையே அடக்கும் கனத்த குரல் என்று வைத்துப் பாருங்கள். அவர் பேசினால் தட்டச்சுச் சத்தம் நிற்கும். பிறகு அந்த இரவில் அதே குரல் குழறும். உயரம் சுமந்த பாரத்தை இப்போது குரல் சுமக்கிறது.

இந்தக் குரல் எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கற்பனை செய்தால் அட்டைப்பொம்மை போல் நிற்கும். உங்கள் வாழ்க்கையில் வேறொரு காலத்தில், வேறொரு இடத்தில் நிஜமாகக் கேட்ட ஒரு கனத்த குரலைக் கடன் வாங்குங்கள். நீங்கள் கேட்டது என்பதால் அதைப் பற்றி எழுத உங்களிடம் நுணுக்கம் இருக்கும். வாசகருக்கு உண்மைபோல் தோன்றுவது அந்த நுணுக்கத்தால்தான். "ஒருவர்", "ஒரு அதிகாரி" என்று மழுப்பிக்கொண்டே போனால் ஆள் மறைவார், கூடவே கதையும் மறைந்துவிடும். இதில் ஒரே எச்சரிக்கை, கடன் கொடுத்தவரின் முழு உருவத்தையும் எடுத்துவிடாதீர்கள்.

ஒரு மாற்றம் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். இடதுகையை எடுத்துவிட்டீர்கள் என்றால், ஒன்பதாம் பக்கத்தில் அவர் உள்ளங்கை ஓரத்தில் மை அப்பியிருப்பது பொருந்தாது. அதனால் தனித்தாளில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: நிஜம் எது, மாற்று எது, அது எந்தெந்தப் பக்கங்களைத் தொடுகிறது. இந்தத் தாளை யாருக்கும் அனுப்ப வேண்டாம். கையெழுத்துப் பிரதியோடு பதிப்பகத்துக்குப் போய்ச் சேரவும் விடாதீர்கள்.

மாற்றக் கூடாதவையும் உண்டு. அவர் செய்தது, நீங்கள் செய்தது, எது முன் எது பின், அதனால் யாருக்கு என்ன ஆனது. இவற்றில் கை வைத்தால் அது நினைவுக்குறிப்பு ஆகாது. முக்கியமாக உங்கள் பங்கைக் குறைக்காதீர்கள். அவரை மறைக்கும் சாக்கில் எழுதுபவர் தன்னையும் கொஞ்சம் மறைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. இப்போது உங்களுக்குப் பொய்யாகத் தெரிவது அவருடைய மையா, உங்களுடைய மௌனமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தோற்றத்தை மாற்றிவிட்டுப் பேச்சை அப்படியே விடுவது இன்னொரு ஓட்டை. 1979இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பிண்ட்ரிம் வழக்கு இதற்குப் பேர்போனது. ஓர் உளவியலாளர் நடத்திய குழுச் சிகிச்சையில் கலந்துகொண்ட எழுத்தாளர், பின்னர் அதைப் போன்ற சிகிச்சையை வைத்து ஒரு நாவல் எழுதினார். பெயரை மாற்றினார், உளவியலாளரை மனநல மருத்துவராக்கினார். நிஜ ஆள் முகம் மழித்தவர், குட்டை முடிக்காரர். நாவலில் வருபவர் நீண்ட வெள்ளை முடியோடு தாத்தா போல் இருக்கிறார். ஆனால் அந்த உளவியலாளரிடம் அமர்வுகளின் ஒலிப்பதிவு இருந்தது. பதிவையும் நாவல் காட்சிகளையும் ஒப்பிட்டபோது ஒற்றுமை தெரிந்தது, அவரைத் தெரிந்தவர்களும் அடையாளம் சொன்னார்கள். நாவல் என்ற பெயர்ப்பலகை காப்பாற்றவில்லை. ஆகவே "கணக்கு தூங்காது" போக வேண்டும். எனக்கும் அந்த வரி பிடித்திருக்கிறது, ஆனால் பிரிவு உபசார விழாவில்கூட யாராவது அதைச் சொல்லிக் காட்டியிருப்பார்கள். அவர் சொல்ல வந்த பொருளை வைத்துக்கொண்டு, வாக்கியத்தை உங்கள் நடையில் எழுதுங்கள்.

பெயருக்கு வருவோம். நிஜப் பெயரோடு எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் மாற்றுவது நல்லது, அப்போதுதான் நினைவு தடையில்லாமல் ஓடும். மாற்றும்போது கை தானாகவே பக்கத்தில் இருக்கும் பெயருக்குப் போகும். கோபாலன் என்பவர் கோவிந்தன் ஆவார், தலைப்பெழுத்து அப்படியே நிற்கும். முதல் எழுத்து, ஓசை, பொருள், தலைப்பெழுத்து எல்லாவற்றையும் விட்டு விலகுங்கள். விலகக் கூடாதது தலைமுறை. அன்றைக்கே ஓய்வுபெறும் வயதில் இருந்தவருக்கு இன்றைய குழந்தையின் பெயரை வைத்தால் வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். பெயர் காட்டும் சமூகப் பின்னணி கதைக்கு முக்கியமென்றால் அதையும் காப்பாற்றுங்கள்.

கணினியில் மொத்தமாக மாற்றும்போது தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. "கோபாலன்" என்று தேடினால் "கோபாலனை", "கோபாலனுக்கு" எல்லாம் சிக்காது, அங்கே ன் மீது புள்ளி இல்லை. "கோபால" என்று வெட்டித் தேடுங்கள். "செல்வம்" என்றால் "செல்வத்திடம்" தப்பிவிடும், "செல்வ" என்று தேடினால் பிடிபடும். மணி என்ற பெயரை மொத்தமாக மாற்றினால் "பத்து மணிக்கு" என்பது "பத்து ரகுக்கு" ஆகிவிடும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

புதிய பெயரும் புதிய அடையாளங்களும் இன்னொருவர் மேல் விழாமலும் பார்க்க வேண்டும். 1909இல் பிரிட்டன் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஹல்டன் எதிர் ஜோன்ஸ் வழக்கில், ஒரு செய்தித்தாள் கற்பனையாக வைத்ததாகச் சொன்ன ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ் என்ற பெயரில் நிஜமாகவே ஒரு வழக்கறிஞர் இருந்தார், வழக்கில் அவரே ஜெயித்தார். உங்கள் அலுவலகத்தில் கனத்த குரலுடைய இன்னொரு கணக்காளர் இருந்தாரா? இருந்தால் அந்தக் குரலை விட்டுவிடுங்கள். குடிக்காத ஒருவருக்கு அந்தப் பழி போய்ச் சேர்வது முதல் தவறைவிட மோசம்.

கடைசியாக, திருத்திய பிரதியை அந்த அலுவலகத்தை ஓரளவு தெரிந்த, ஆனால் இதுவரை படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். "யார் இது?" என்று கேட்காதீர்கள், கேட்டதுமே துப்பறியத் தொடங்கிவிடுவார். "இவர் எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேளுங்கள். மனிதரைப் பற்றியே பேசிக்கொண்டு போனால் சரி. தானாக ஒரு பெயரைச் சொன்னால், எந்த வரியில் தோன்றியது என்று விசாரித்து அந்த வரியைத் திருத்துங்கள். வேறு யாரோ ஒருவரின் பெயரைச் சொன்னாலும் அதே வேலைதான். பெயர்களும் சில அடையாளங்களும் மாற்றப்பட்டுள்ளன என்ற குறிப்பு முன்பக்கத்தில் இருக்கட்டும், அது வாசகரிடம் காட்டும் நேர்மை. வழக்கு வந்தால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. குடித்ததோடு நிற்காமல் அவர் கணக்கிலும் கை வைத்தார் என்று எழுதுவதாக இருந்தால், அச்சுக்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், உங்கள் நன்றியுரையில் அந்த அலுவலகத்தின் பெயரும் அவருடைய நிஜப் பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலில் அதை எடுங்கள்.