மரக்கிளையில் கட்டிய சோறு

கேள்வி: ஸ்லைடு போட்டு நடத்தும் வரலாற்றுப் பாடத்தை, ஒரு ஆளுடைய ஒரே நாளாக வைத்துச் சிறுகதை எழுதலாமா? பாடம் விட்டுப்போகாதா?

நீங்களும் ஆசிரியராகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விட்டுப்போகும். எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் எழுதியது வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம். 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து கிளம்பினார். 15 நாள் நடந்து வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதானார். என் ஸ்லைடுகளில் இருந்தது இதுதான். முதலில் ஒரு தொண்டரை வைத்துக் கதை எழுதினேன். அவர் கூட நடப்பவரிடம் உப்புச் சட்டத்தை விளக்கிக்கொண்டே வருவார். "சார், இவரு ஸ்லைடைத்தான் படிக்கிறாரு" என்றாள் ஒரு மாணவி. உண்மைதான். உப்புச் சட்டத்தை மீறவே கிளம்பி வந்தவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஏழாவது ஸ்லைடில் ஒரே வரியாகக் கிடந்த விஷயத்தை எடுத்தேன். ஊர்வலம் போனவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். வழியோரக் கிராமத்துப் பெண் ஒருத்திக்கு அந்த ஒரு வரிதான் முழு நாளும். காலையில் உத்தரவு காதில் விழுகிறது. மத்தியானம் புருஷன் வேண்டாம் என்கிறான். அவள் அரிசியை அளந்து பார்க்கிறாள். பொழுது சாயும்போது புளிச்சோற்றை இலையில் கட்டி, சாலையோர மரக்கிளையில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறாள். ஜனங்கள் அப்படித்தான் நிஜமாகவே சோறு கட்டிவைத்தார்கள். ராஜாஜியை அவள் பார்க்கவே இல்லை. உப்பு எடுத்தார்களா என்பதும் அவளுக்குத் தெரியாது. அதனால் ஏப்ரல் 30 கதையில் வராது. அதைக் கதை முடிந்த பிறகு ஒரே ஸ்லைடில் காட்டினேன்.

அரிசியை முதலில் 'இரண்டு கிலோ' என்று எழுதியிருந்தேன். அப்போது நம் ஊரில் கிலோ ஏது? 'படி' என்று மாற்றினேன். இப்படி ஒரு சொல் போதும், காலம் தப்பிவிடும்.

கதை என்றால் பொய் கலந்துவிடும் என்று சிலர் வருவார்கள். பெண் கற்பனை, உத்தரவும் மரத்துச் சோறும் நடந்தவை என்று கடைசியில் எழுதிவைத்திருக்கிறேன். அந்த வரியை வெட்டிவிட்டு, என் பெயரையும் எடுத்துவிட்டு, ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் யாரோ தன் கதையாகப் போட்டிருந்தார். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கற்பனை எது என்று தெரியாமலேயே பிள்ளைகள் அதைப் படிப்பார்கள்.

பாடம் ஏறியதா என்று பார்க்க ஒரே கேள்விதான் கேட்டேன்: "ஏன் கையில் கொடுக்காமல் மரத்தில் கட்டினாள்?" தேதி மனப்பாடம் ஆகாத பையன் ஒருவன் கடைசி பெஞ்சிலிருந்து சொன்னான்: "யார் கொடுத்தாங்கன்னு போலீஸால காட்ட முடியாது சார்."