மோட்டருக்கு வேறு சப்ளை, கண்ட்ரோலருக்கு வேறு சப்ளை: கிரவுண்ட் வயரை எங்கே சேர்ப்பது? – கேள்வி பதில்

முள்ளியவளையிலிருந்து: அண்ணை, 12 வோல்ட் வைப்பர் மோட்டர் ஒண்டை பிடிஎஸ்7960 எண்ட டிரைவர் போர்டில போட்டு, ஈஎஸ்பி32 கண்ட்ரோலரால ஓட்டுறன். மோட்டரும் டிரைவரும் கார் பற்றரியில. ஈஎஸ்பி பவர் பாங்கில. சிக்னல் வயர் மட்டும்தான் குடுத்தனான். தானாச் சுத்துது, நிக்குது. வயரைக் கையால தொட்டா வேற மாதிரி ஆடுது.

தம்பி, கையால தொட்டால் நடத்தை மாறுது என்று நீர் எழுதினதே போதும், பிழை எங்கே என்று தெரிகிறது. பவர் பாங்கின் நெகட்டிவும் பற்றரியின் நெகட்டிவும் எங்கேயும் சந்திக்கவில்லை. ஈஎஸ்பி "3.3 வோல்ட்" என்று அனுப்புவது தன்னுடைய கிரவுண்டிலிருந்து 3.3. டிரைவர் பார்ப்பதோ தன்னுடைய கிரவுண்டிலிருந்து. இரண்டுக்கும் தொடர்பு இல்லாதபோது அந்த 3.3 டிரைவருக்கு எதுவாகவும் தெரியலாம். உம்முடைய உடம்பும், பக்கத்தில் ஓடும் வீட்டு வயரும்கூட அதை அசைக்கும்.

எல்லாவற்றையும் ஓஃப் செய்துவிட்டு, ஈஎஸ்பியின் கிரவுண்ட் பின்னிலிருந்து டிரைவரில் சிக்னல் பின்களோடு பக்கத்தில் இருக்கும் கிரவுண்ட் பின்னுக்கு ஒரு வயர் போடும். அந்த வயர் சிக்னல் வயர்களோடு சேர்ந்தே போகட்டும், தனியாகச் சுற்றிப் போகவேண்டாம். பிறகு மீற்றரை ஓம்ஸில் வைத்து இரண்டு கிரவுண்டுக்கும் இடையில் பாரும். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டவேண்டும். பொசிட்டிவ்களைச் சேர்க்கக்கூடாது. பவர் பாங்கின் 5 வோல்ட்டும் டிரைவருக்குப் போகும் 5 வோல்ட்டும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தால் அவை தனித்தனியாகவே இருக்கட்டும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: அப்ப ரெண்டு நெகட்டிவையும் மண்ணில கம்பி அடிச்சு ஏர்த் பண்ணிவிட்டா சரிதானே? எங்கட வீட்டு மீற்றர் பெட்டிக்குப் பக்கத்தில ஏர்த் கம்பி ஏற்கனவே இருக்கு.

இல்லை. அந்தக் கம்பி ஆளுக்குக் கரண்ட் அடிக்காமல் காப்பாற்ற அடித்தது, இந்த வேலைக்கு இல்லை. சிக்கல் என்னவென்றால், இரண்டு நெகட்டிவுக்கும் வேறு வேறு கம்பி என்றால் நடுவில் மண்தான் வயர். சிக்னலுக்கு மிகச் சொற்ப கரண்டே போதும் என்பதால் மாரியில் மண் ஈரமாக இருக்கும்போது இது வேலை செய்வது போலத் தெரியும். ஆவணி வெயிலில் மண் காய்ந்ததும் நின்றுவிடும். நீங்கள் மோட்டரைக் கழற்றிக்கொண்டு இருப்பீர்கள். அரை மீற்றர் வயர் போடுங்கள், முடிந்தது.

விசுவமடுவிலிருந்து: நான் கிரவுண்ட் சேர்த்துத்தான் இருக்கிறேன். கோழிக்குத் தீன் தள்ளும் திருகு மோட்டர். ஒரே 12 வோல்ட் பற்றரி. பற்றரிக்குப் பக்கத்தில் 5 வோல்ட் கன்வேர்ட்டரும் ஈஎஸ்பியும். மோட்டரும் டிரைவரும் 4 மீற்றர் தள்ளி கொட்டிலுக்குள். தீன் இல்லாமல் நன்றாக ஓடுகிறது. தீன் போட்டதும் கடகடவென்று விட்டுவிட்டு இழுக்கிறது. புரோகிராம் பிழையா?

அக்கா, புரோகிராமைத் தொடவேண்டாம். அதிகம் பேர் மாட்டுப்படுவது இந்த இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் போட்டிருப்பது 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் என்று வைப்போம். அது ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.012 ஓம். நெகட்டிவ் கால் மட்டும் 4 மீற்றருக்கு 0.048 ஓம் வரும். வெறுமனே ஓடும்போது மோட்டர் 5 அம்பியர் எடுத்தால் அந்த வயரில் விழுவது கால் வோல்ட் அளவு, ஒன்றும் தெரியாது. திருகில் தீன் நிறைந்து மோட்டர் புறப்படச் சிரமப்படும்போது 20 அம்பியர் எடுக்கும். அப்போது விழுவது ஒரு வோல்ட்டுக்குக் கிட்ட. அதாவது கொட்டிலில் உள்ள டிரைவரின் கிரவுண்ட், பற்றரியடியில் உள்ள ஈஎஸ்பியின் கிரவுண்டைவிட ஒரு வோல்ட் மேலே ஏறி நிற்கிறது.

ஈஎஸ்பி அனுப்பும் 3.3 இப்போது டிரைவருக்கு 2.3, 2.4 என்றுதான் தெரியும். அந்த போர்டுகளில் பெரும்பாலும் சிக்னல் முதலில் நுழைவது 74எச்சி244 என்ற ஐசிக்குள். அதற்கு 5 வோல்ட் சப்ளை கொடுத்திருந்தால் 3.5 வோல்ட்டுக்கு மேலே இருந்தால்தான் "ஓன்" என்பது நிச்சயம். 3.3 என்பதே விளிம்பில் நிற்கிற சங்கதி. ஒரு வோல்ட் குறைந்ததும் ஐசி "ஓஃப்" என்று எடுக்கிறது, மோட்டர் நிற்கிறது. கரண்ட் நின்றதும் கிரவுண்ட் கீழே இறங்குகிறது, சிக்னல் திரும்பச் சரியாகத் தெரிகிறது, மோட்டர் மறுபடி இழுக்கிறது. நீங்கள் கேட்கும் கடகட இந்தச் சுற்றுத்தான்.

உறுதிப்படுத்த மீற்றரை டிசி 2 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஈஎஸ்பி கிரவுண்டிலும் சிவப்பை டிரைவர் கிரவுண்டிலும் பிடியுங்கள். நீளம் காணாவிட்டால் ஒரு வயரை நீட்டிப் பிடியுங்கள். தீனோடு ஓடவிடுங்கள். 0.05க்குள் நின்றால் நான் சொன்னது பிழை. 0.3, 0.4 என்று துள்ளினால் அதுதான். மீற்றர் சராசரியைத்தான் காட்டும், உண்மையான துள்ளல் அதைவிடக் கூட இருக்கும்.

இன்னொரு விசயம், இது பயமுறுத்த இல்லை. நீங்கள் ஈஎஸ்பியிலிருந்து கொட்டிலுக்கு இழுத்த மெல்லிய கிரவுண்ட் வயர், தடித்த நெகட்டிவுக்குச் சமாந்தரமாக நிற்கிறது. நெட்வேர்க் கேபிளில் உள்ள ஒரு இழை என்றால் 4 மீற்றருக்கு ஏறக்குறைய 0.34 ஓம். 20 அம்பியரில் இரண்டரை அம்பியர் அதனூடாகவும் போகும், ஈஎஸ்பி போர்டின் செப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு. தடித்த நெகட்டிவின் ஸ்க்ரூ ஒருநாள் தளர்ந்தால் மோட்டரின் முழுக் கரண்டும் அந்த இழைக்குள் ஏறும். பெரிய வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு போகும் அல்லவா, அப்படி. அந்த நேரம் லப்டொப் யூஎஸ்பியில் இணைந்திருந்தால் அதையும் சேர்த்து மறந்துவிடலாம்.

செய்யவேண்டியது: ஈஎஸ்பியையும் கன்வேர்ட்டரையும் பற்றரியடியிலிருந்து எடுத்து டிரைவருக்குப் பக்கத்தில் வையுங்கள். கன்வேர்ட்டருக்கான 12 வோல்ட்டை டிரைவரின் தடித்த இரண்டு முனைகளிலிருந்தே எடுங்கள். ஈஎஸ்பிக்கும் பற்றரிக்கும் இடையில் வேறெந்த வயரும் வேண்டாம். இப்போது டிரைவரின் கிரவுண்ட் எவ்வளவு ஏறினாலும் ஈஎஸ்பியும் கூடவே ஏறும், வித்தியாசம் இருக்காது. மோட்டர் புறப்படும்போது 12 வோல்ட் 10க்கு இறங்கும், 5 வோல்ட் கன்வேர்ட்டர் அதைத் தாங்கும். அதற்கு முன்னால் ஒரு டயோடும் 1000 மைக்ரோஃபரட் கப்பாசிற்றரும் போட்டால் நல்லது. அந்த ஐசிக்கு 5க்குப் பதிலாக ஈஎஸ்பியின் 3.3ஐக் கொடுத்தால் விளிம்பில் நிற்கும் பிரச்சினையும் போகும்.

அறிவியல்நகர் மாணவர்: சேர், நாங்கள் படித்தது எல்லாக் கிரவுண்டும் ஒரே புள்ளியில், பற்றரி நெகட்டிவில் சேரவேண்டும் என்று. நீங்கள் சொல்வது அதற்கு எதிர் அல்லவா?

ஒரே புள்ளி என்பது சரி. பற்றரிதான் அந்தப் புள்ளி என்பதில்தான் இடறுகிறீர். ஒரே பற்றரியில் ஒரு விளக்கும் ஒரு ரேடியோவும் ஓடினால், இரண்டுக்கும் இடையில் சிக்னல் இல்லை, பற்றரியில் சேர்ப்பது நல்லது. இங்கே ஈஎஸ்பி டிரைவரோடு பேசுகிறது. யாரோடு பேசுகிறதோ அவருடைய நெகட்டிவ் முனைதான் புள்ளி. பற்றரியில் சேர்த்தால் மேலே சொன்ன 4 மீற்றர் வயர் அவர்கள் பேச்சுக்கு நடுவில் வந்து உட்காரும். ஒரே கண்ட்ரோலரில் இரண்டு மூன்று டிரைவர் தள்ளித் தள்ளி இருந்தால் உமது கேள்விக்கு இவ்வளவு இலகுவான பதில் இல்லை. அப்போது சிக்னலை வெளிச்சத்தால் கடத்தும் ஒப்டோ போட்டுப் பிரிப்பதைத்தான் நான் விரும்புவேன்.

துணுக்காயிலிருந்து: எனக்கு சோலார். பெட்டியில பற்றரி, பனல், லோட் எண்டு மூண்டு சோடி. மோட்டர் டிரைவர் லோட்டில, ஆர்டுயினோ நேரே பற்றரியில. கிரவுண்ட் சேர்த்தாப் பிறகு லோட் பட்டனை ஓஃப் பண்ணினாலும் டிரைவர் லைட் எரியுது. கிரவுண்ட் வயர் சூடாகுது.

அந்த வயரை இப்பவே கழற்றுங்கோ, மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

மலிவான சோலார் பெட்டிகள் பலவற்றில் பொசிட்டிவ் மூன்றும் உள்ளே ஒன்றாக இருக்கும். ஓன் ஓஃப் செய்வது நெகட்டிவில். அதனால் லோட் நெகட்டிவும் பற்றரி நெகட்டிவும் ஒரே கறுப்பு வயராகத் தெரிந்தாலும் ஒன்றல்ல. நடுவில் ஒரு மொஸ்பெட் சுவிட்ச் நிற்கிறது. நீங்கள் போட்ட கிரவுண்ட் வயர் அந்தச் சுவிட்சைத் தாண்டி ஒரு குறுக்குப் பாதை. பட்டன் ஓஃப் என்றால் மோட்டர் கரண்ட் முழுவதும் அந்த மெல்லிய வயரால் ஆர்டுயினோ ஊடாகத் திரும்பும். பற்றரி இறங்கும்போது பெட்டி லோட்டைத் துண்டிக்கும் காவலும் செத்துப்போகும்.

பார்ப்பது இலகு. கிரவுண்ட் வயரைக் கழற்றியபின் லோட்டில் சின்ன 12 வோல்ட் பல்ப் ஒன்றைப் போட்டு, பட்டனை ஓஃப் செய்து, பற்றரி நெகட்டிவுக்கும் லோட் நெகட்டிவுக்கும் இடையில் வோல்ட் பாருங்கோ. பற்றரி வோல்ட்டே காட்டினால் உங்கள் பெட்டி நான் சொன்ன வகை.

ஆர்டுயினோவையும் லோட்டிலேயே போட்டால் பிழை தீரும். ஆனால் மோட்டர் புறப்படும் கரண்டை 10 அம்பியர் பெட்டியின் லோட் தாங்காது. நான் என்றால் இரண்டையும் பற்றரியில் போட்டு, பற்றரி முனையடியில் ஒரு ஃபியூஸ் வைப்பேன். பற்றரி இறங்குவதை ஆர்டுயினோவே அளந்து மோட்டரை நிறுத்தட்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து: எனது ரிலே போர்டில் ஒப்டோ இருக்கிறது. ஒப்டோ இருந்தால் கிரவுண்ட் சேர்க்கத் தேவையில்லைதானே?

போர்டில் "ஜேடி-விசிசி" என்று எழுதின இடத்தில் சின்னக் கறுப்பு ஜம்பர் இன்னும் மாட்டியிருக்கிறதா? மாட்டியிருந்தால் ஒப்டோ பேருக்குத்தான், இரண்டு பக்கமும் ஒரே சப்ளை. ஜம்பரைக் கழற்றி, ரிலே பக்கத்துக்கு ஜேடி-விசிசியிலும் கிரவுண்டிலும் வேறு 5 வோல்ட் கொடுத்து, ஆர்டுயினோவிலிருந்து விசிசியும் சிக்னலும் மட்டும் கொடுத்தால் நீங்கள் சொல்வது சரி. அப்போது அந்த போர்டின் கிரவுண்டுக்கு ஆர்டுயினோவிலிருந்து வயர் இழுத்தால் பிரித்ததைத் திரும்ப ஒட்டியதாகிவிடும்.

நெடுங்கேணி, ரேடியோ திருத்துபவர்: தம்பி, நான் சிக்னல் கிரவுண்டில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் போட்டுத்தான் விடுவேன். தடித்த வயர் அறுந்தால் ரெசிஸ்டர் எரியும், போர்ட் தப்பும். நீர் ஏன் அதைச் சொல்லவில்லை?

ஐயா, எனக்கு அதில் அரை மனம்தான். சிக்னல் மட்டும் போனால் சில மில்லி அம்பியர், 10 ஓமில் விழுவது கணக்கில் இல்லை. 12 வோல்ட் முழுக்க வந்தால் 1.2 அம்பியருக்கு மேல் போகவிடாது, கால் வோட் ரெசிஸ்டர் கருகித் திறந்துவிடும். அதுவரை நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ரெசிஸ்டர் திறந்த பிறகு டிரைவரின் கிரவுண்ட் 12 வோல்ட் பக்கம் ஏறும், அப்போது சிக்னல் வயர்களே திரும்பும் பாதையாகி ஈஎஸ்பியின் பின்களைச் சாப்பிடும். ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு கிலோ ஓம் போட்டிருந்தால் மட்டும் உங்கள் வழியை ஏற்பேன்.

நெடுங்கேணி: ஒரு கிலோ ஓம் எப்பவும் போட்டுத்தான் இருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று விட்டேன்.

அப்படியென்றால் சண்டை பாதியாகிவிட்டது, ஐயா. மீதிப் பாதிக்கு, ரெசிஸ்டர் ஓசையில்லாமல் கருகின பிறகு முள்ளியவளைத் தம்பியின் நிலைமைதான் திரும்ப வரும், அதை ஆர் கண்டுபிடிப்பது? நான் இன்னும் தடித்த வயரின் ஸ்க்ரூவை இறுக்கி, மோட்டர் பொசிட்டிவில் ஃபியூஸ் வைக்கிற பக்கம்தான்.