கடைசிச் சொல் குரலை முந்தாமல் இருக்க

“என் குறும்படத்தில் ‘அம்மா போன பிறகு இந்த வீட்டுக் கதவை நான் பூட்டவே இல்லை’ என்ற வசனத்தின் சப்டைட்டில் போனில் பார்த்தால் மனதைத் தொடவில்லை. எழுத்தைச் சிறிதாக்கவா?”

வேண்டாங்க, எழுத்து அப்படியே இருக்கட்டும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. முழு வசனமும் ஒரே நேரத்தில் திரையில் இருந்தால், நடிகர் சொல்வதற்குள் கண் ‘இல்லை’யைப் படித்துவிடும். அதனால் இரண்டாகப் பிரியுங்கள். முதலில்:

அம்மா போன பிறகு
இந்த வீட்டுக் கதவை

‘நான்’ ஒலிக்கும் அதே நொடியில் அடுத்தது:

நான் பூட்டவே இல்லை.

வரியை நீங்களே என்டர் தட்டி உடையுங்கள். விட்டால் திரை அகலத்துக்கேற்ப அதுவாக உடைந்து, ‘இல்லை’ மட்டும் கீழே அநாதையாக நிற்கும். குரல் நின்ற பிறகும் இரண்டாவது பகுதி ஒரு விநாடி திரையில் இருக்கட்டும். அப்புறம், சத்தத்தை அணைத்து உங்கள் போனிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.